பெரியவருக்குப் பாக்கிக் கடிதம்: விளியும் முடிப்பும்

கேள்வி: தக்கலை பக்கம் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறேன். அப்பாவின் நண்பர், 78 வயது, ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், வீட்டு வேலைக்கு எடுத்த சாமானில் 32,450 ரூபாய் ஏழு மாதமாக நிற்கிறது. நேரில் 'மாமா' என்று கூப்பிடுகிறவரிடம் கேட்க வாய் வரவில்லை. கடிதம் எழுதினால் எப்படி விளிப்பது, எப்படி முடிப்பது? மரியாதையும் குறையக் கூடாது, பணமும் வர வேண்டும்.

கடிதத்தின் இரண்டு முனைகளைப் பற்றித்தான் கேட்டிருக்கிறீர்கள். நான் பார்த்தவரை இத்தகைய கடிதங்கள் கெட்டுப்போவது முனைகளில் அல்ல, முனைகளுக்கும் நடுவுக்கும் ஒட்டாமல் போகும் இடத்தில்தான். கோட்டாறில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் முப்பத்தொரு ஆண்டுகள் கடிதப் போக்குவரத்தும் பேரேடும் என் பொறுப்பில் இருந்தன. நான் வக்கீல் அல்லன், தமிழாசிரியரும் அல்லன். ஆகவே கீழே சொல்வதில் எது மொழி வழக்கு, எது சட்டம், எது என் சொந்த விருப்பம் என்பதை அந்தந்த இடத்திலேயே சொல்லிக்கொண்டு போகிறேன்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பெரியவருக்கு நான் எழுதிய பாக்கிக் கடிதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். மேலே 'அன்புடையீர்', நடுவில் 'மேற்படி தொகையை உடனடியாகச் செலுத்தவும்', கீழே 'தங்கள் உண்மையுள்ள'. மூன்றும் தனித்தனியே பார்த்தால் தவறில்லாத தமிழ். மூன்றாம் நாள் அந்தப் பெரியவரே பேருந்தில் வந்து இறங்கி, மஞ்சள் பையிலிருந்து பணத்தை எடுத்து மேசைமேல் எண்ணி வைத்து, ரசீதை வாங்கி மடித்துக்கொண்டு, "ஒரு வார்த்தை சொல்லி விட்டா போதாதா டே?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார். அதன் பிறகு அவர் எங்கள் கடைப் படியேறவில்லை. 'அன்புடையீர்' என்பது பெயர் தெரியாத பலருக்குப் பொதுவாக அச்சடிக்கும் அழைப்பிதழுக்கும் சுற்றறிக்கைக்கும் உரிய விளி. இருபது ஆண்டு வாடிக்கைக்காரரை அப்படி விளித்தால், 'நூறு பேருக்குப் போகும் தாளில் உமக்கும் ஒன்று' என்றுதான் அவர் படிப்பார். அதற்குக் கீழே 'செலுத்தவும்' என்ற ஏவலும் வந்து சேர்ந்தபோது அது நோட்டீஸ் ஆகிவிட்டது.

உங்கள் கடிதத்துக்கு என் பரிந்துரை, 'பெருமதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு, வணக்கம்.' என்று தொடங்குவது. ஏன் இது என்று சொல்கிறேன். 'அன்புள்ள மாமா' என்பது வீட்டுக் கடிதம். அதன் கீழே பில் எண்ணும் தொகையும் வந்தால், பாசத்தைக் காட்டிப் பணம் பிடுங்குவதுபோல் தோன்றும். 'மதிப்பிற்குரிய ஐயா' என்பது குற்றமற்ற வணிக விளிதான், முன்பின் பழகாத பெரியவருக்கு அதுவே போதும். ஆனால் பிறந்தது முதல் 'மாமா' என்று கூப்பிட்ட ஒருவரைத் தாளில் திடீரென்று 'ஐயா' என்று எழுதினால், உறவை முறித்துக்கொண்டு கணக்குப் பேச வந்திருக்கிறான் என்று அவர் எடுத்துக்கொள்வார். 'மாமா'வோடு 'அவர்கள்' சேரும்போது முறைப்பெயரும் நிற்கிறது, கடைக்கும் வாடிக்கைக்காரருக்கும் இருக்க வேண்டிய இடைவெளியும் நிற்கிறது. பள்ளிக்கூடத்து முறையில் நீங்கள் அவரை 'சார்' என்று அழைப்பவராக இருந்தால் 'பெருமதிப்பிற்குரிய சார் அவர்களுக்கு' என்று எழுதுவதிலும் வெட்கப்பட ஒன்றுமில்லை. நாகர்கோவில் பக்கத்து வியாபாரிகளுக்குள் 'அண்ணாச்சி அவர்களுக்கு' என்று எழுதுவதும் இதே வகைதான். வாயில் வரும் முறைப்பெயரைத் தாளில் மாற்றாதீர்கள் என்பதுதான் நான் பிடித்துக்கொண்டிருக்கும் நூல்.

முறைப்பெயர் எதுவும் இல்லாத பெரியவர்களுக்கு எழுதும்போது நம் மாவட்டத்தில் இன்னும் சிலவற்றைப் பார்க்க வேண்டியிருக்கிறது. 'ஐயா' என்றும் 'அய்யா' என்றும் இரண்டு எழுத்து வழக்குகள் தமிழில் உள்ளன. இரண்டும் புழக்கத்தில் இருப்பவை. ஆனால் சாமித்தோப்பு இருக்கும் மாவட்டத்தில் 'அய்யா' என்ற எழுத்தைக் கண்டதும் பலருக்கு அய்யா வைகுண்டர்தான் நினைவுக்கு வருவார். ஆகவே பாக்கிக் கடிதத்தில் நான் எப்போதும் 'ஐயா' என்றே எழுதினேன். ஓய்வு பெற்ற போதகருக்கு 'அருள்திரு', முஸ்லிம் பெரியவருக்கு 'ஜனாப்', ஹஜ் சென்று வந்தவராயின் 'ஹாஜி' என்று உறையில் பெயருக்கு முன்னால் எழுதுவது அவர்களுக்குப் பழகிய மரியாதை. உறையில் மட்டும்தான். 'கர்த்தருக்குள் அன்பான' என்றோ, ஸலாம் சொல்லியோ, பிள்ளையார் சுழி போட்டோ உள்ளே கடிதத்தைத் தொடங்கி, அடுத்த வரியில் ரூபாய் கணக்குக்குப் போவது எனக்குப் பிடிப்பதில்லை. அது தவறு என்று சொல்லமாட்டேன். கடவுளைச் சாட்சிக்குக் கூப்பிட்டுக் கடன் கேட்பதுபோல் ஆகிவிடுகிறது என்பது என் எண்ணம். பெண்மணியாக இருந்தால் 'பெருமதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு' போதும். 'அம்மையீர்' என்பது தவறில்லாத சொல்லே ஆனாலும் இன்று அலுவலகக் கடிதத்தின் குளிர் அதில் ஏறிவிட்டது.

உறைமேல் 'மாமா' வேண்டாம். அங்கே 'பெறுநர்' என்று எழுதி, 'உயர்திரு.' அல்லது 'திரு.' போட்டு, தலைப்பெழுத்தோடு முழுப் பெயர், பின்னால் 'அவர்கள்', அடுத்த வரியில் 'தலைமையாசிரியர் (ஓய்வு)', பிறகு வீட்டு முகவரி. 'உயர்திரு. திரு.' என்று இரண்டையும் சேர்த்து எழுதுபவர்கள் உண்டு, ஒன்று போதும். 'அனுப்புநர்', 'பெறுநர்' இரண்டுக்கும் 'ந'கரம்தான். 'அனுப்புனர்' என்று எழுதினால் உங்கள் மாமா சிவப்பு மையை எடுத்துவிடுவார். இதே முழுப் பெயரும் முகவரியும் கடிதத் தாளின் இடப்பக்கத் தலையிலும் இருக்க வேண்டும், ஏனென்றால் 'மாமா அவர்களுக்கு' என்று மட்டும் எழுதிய தாள் யாருக்கு எழுதப்பட்டது என்று பின்னால் ஒருநாள் யாராவது கேட்டால் தாளே பதில் சொல்ல வேண்டும். 'பொருள்' என்ற வரியில் 'நிலுவைத் தொகை' என்று போடாமல் 'கணக்கு விவரம் – தொடர்பாக' என்று போடுங்கள். அந்த வீட்டில் கடிதத்தைப் பிரிப்பது மருமகளாகவோ பேரனாகவோ இருக்கலாம். இதே காரணத்தால் அஞ்சலட்டையில் எழுதுவதும், வளைகுடாவில் இருக்கும் மகனுக்கு அவரறியாமல் வாட்ஸ்அப்பில் படம் பிடித்து அனுப்புவதும் கூடாது. எத்தனை 'பெருமதிப்பிற்குரிய' போட்டாலும் அந்த அவமானத்தை ஈடு செய்ய முடியாது.

இனி நடுப்பகுதி. இங்கே முதலில் 'தாங்கள்' என்பதைப் பற்றிச் சொல்ல வேண்டும். இது அடிப்படையில் 'தாம்' என்ற தற்சுட்டுப் பெயரிலிருந்து வந்தது. முன்னிலையில் உயர்ந்த மரியாதைக்கு வழங்குகிறது. வினைமுற்று மட்டும் 'நீங்கள்' என்பதற்குரியதே: 'தாங்கள் வாங்கியிருந்தீர்கள்'. 'தாங்கள் வாங்கியிருந்தார்கள்' என்பது பிழை. அதைவிடப் பெரிதாகக் கண்ணை உறுத்துவது கலப்பு. முதல் பத்தியில் 'தாங்கள்', இரண்டாம் பத்தியில் 'உங்கள் பாக்கி', கடைசியில் மறுபடி 'தங்கள்' என்று போனால், பணம் பற்றிப் பேசும்போது மட்டும் மரியாதை ஒரு படி இறங்கியதுபோல் இருக்கும். எழுதுபவருக்கு அது தெரிவதில்லை, வாங்குபவருக்கு உடனே தெரியும். 'தாங்கள்' உங்களுக்குச் செயற்கையாகப் பட்டால் கடிதம் முழுவதும் 'நீங்கள்' என்றே எழுதுங்கள். அதுவும் மரியாதைச் சொல்தான். தொடங்கியதை விட்டு விலகாதிருப்பதுதான் முக்கியம்.

அடுத்தது, வாக்கியத்தின் எழுவாய் யார் என்பது. 'தாங்கள் இன்னும் பணம் தரவில்லை' என்பதில் எழுவாய் மாமா. 'எங்கள் பேரேட்டின்படி ரூ. 32,450 நிலுவையாக உள்ளது' என்பதில் எழுவாய் தொகை. செய்தி ஒன்றுதான், குற்றம் சாட்டப்படுவது மட்டும் மாறிவிடுகிறது. 'கடன்' என்ற சொல்லை நான் பெரியவர்களுக்கு எழுதியதே இல்லை. பேச்சில் 'பாக்கி' என்போம், எழுத்தில் 'நிலுவை' அல்லது 'கணக்கில் நிற்கும் தொகை'. 'கட்டவும்', 'செலுத்தவும்' என்ற வியங்கோள் முடிவுகள் மின்சாரக் கட்டண அட்டைக்குப் பொருந்தும். இங்கே 'கணக்கை நேர் செய்து தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்' என்று முடியுங்கள். 'கணக்கை நேர் செய்தல்' என்ற தொடரில் அவர் உங்களுக்குக் கொடுப்பதாக இல்லாமல், இருவருக்கும் பொதுவான ஒரு நோட்டைச் சரிசெய்வதாகத் தொனிக்கிறது. அதனால்தான் பழைய கணக்குப்பிள்ளைகளுக்கு அது பிடித்திருந்தது. 'தயவுசெய்து' ஒருமுறைக்கு மேல் வேண்டாம். இரண்டாவது தடவை வரும்போதே அது கெஞ்சலாகிவிடுகிறது, உங்களுக்கு வர வேண்டிய பணத்துக்குக் கெஞ்சுவது அவருக்கும் சங்கடம்.

ஆனால் தொகையிலும் நாளிலும் குழைவு கூடாது. 'சிறு தொகை ஒன்று', 'தங்கள் வசதிபோல்', 'முடிந்தபோது', 'ஒன்றும் அவசரமில்லை' என்ற நான்கும் மரியாதைபோலத் தோன்றிக் கடிதத்தைக் கொன்றுவிடும். அவசரமில்லை என்று நீங்களே எழுதிக் கொடுத்த பிறகு, ஆறு மாதம் கழித்து அவர் அந்த வாக்கியத்தைக் காட்டினால் உங்களிடம் பதில் இருக்காது. பெரியவர்கள் பலர் பணம் இல்லாமல் நிறுத்துவதில்லை. மறந்திருப்பார்கள், அல்லது உங்கள் அப்பாவிடம் எப்போதோ கொடுத்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருப்பார்கள். துல்லியமான விவரம் அவர்களுக்கு அவமானம் அல்ல, நினைவுக்கு உதவி. நாளைக் குறிக்கும்போது மட்டும் வீட்டு வழக்கத்தைப் பாருங்கள். செவ்வாய், வெள்ளியில் பணம் வெளியே கொடுக்காத வீடுகளும், விளக்கேற்றிய பின் கொடுக்காத வீடுகளும் நம் பக்கம் இன்னும் உண்டு. கிறிஸ்தவ வீடானால் ஞாயிற்றுக்கிழமையைத் தவிர்ப்போம். புதன்கிழமையைக் குறித்தால் யாருக்கும் மனத்தாங்கல் இல்லை.

உங்கள் கணக்கை எனக்குத் தெரிந்தபடி எழுதிப் பார்க்கிறேன். பில் தேதிகளை நான் கற்பனையாகப் போட்டிருக்கிறேன், நீங்கள் உங்களுடையதைப் போட்டுக்கொள்ளுங்கள். கடிதத் தேதி 27-10-2025. "பெருமதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு, வணக்கம். தாங்களும் அத்தையும் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். இங்கு அப்பாவும் அனைவரும் நலம். தங்கள் வீட்டு வேலைக்காக எங்கள் கடையிலிருந்து 18-2-2025 அன்று ரூ. 21,300-க்கும், 3-3-2025 அன்று ரூ. 14,750-க்கும், 14-3-2025 அன்று ரூ. 6,400-க்கும் சாமான்கள் அனுப்பியிருந்தோம். ஆக மொத்தம் ரூ. 42,450. இதில் 10-4-2025 அன்று தாங்கள் தந்த ரூ. 10,000 வரவு வைக்கப்பட்டுள்ளது. மீதி ரூ. 32,450 கணக்கில் நிற்கிறது. கடைக் கணக்கைச் சரிபார்த்து வருவதால், வரும் 12-11-2025 புதன்கிழமைக்குள் இதை நேர் செய்து தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். பில் நகல்களை இத்துடன் இணைத்துள்ளேன். எங்கள் பதிவில் பிழை ஏதும் இருந்தால் அருள்கூர்ந்து திருத்தித் தருமாறும், சரியாக இருந்தால் இணைப்பில் உள்ள கணக்குத் தாளில் கையொப்பமிட்டுத் தருமாறும் வேண்டுகிறேன். தாங்கள் வர வேண்டியதில்லை. ஒரு வார்த்தை சொன்னால் நானே வீட்டுக்கு வந்து பெற்றுக்கொள்கிறேன். எங்கள் கடையை எப்போதும் நாடி வருவதற்கு நன்றி. பணிவன்புடன்," இதன் கீழே உங்கள் கையொப்பம், பெயர், கடை முத்திரை.

இதில் நலம் விசாரிப்பு இரண்டு வரிக்கு மேல் போகவில்லை என்பதைப் பாருங்கள். பழைய கடிதங்களில் 'உபய க்ஷேமம்' என்று தொடங்கி அரைப் பக்கம் நலம் போகும். இன்று அப்படிப் போனால், எங்கே வந்து சேரப் போகிறான் என்று அவருக்கு மூன்றாம் வரியிலேயே தெரிந்துவிடும், மீதி அரைப் பக்கம் நடிப்பாகிவிடும். அப்பாவின் பெயர் ஒரே ஒரு முறை, நலத்தில் மட்டும் வருகிறது. 'அப்பாவுக்கும் தங்களுக்கும் உள்ள நட்பை முன்னிட்டு' என்று எழுதினால் நட்பையே ஈடாகக் கேட்கிறீர்கள் என்று பொருள். அதே நேரம் கடிதம் போகும் முன் அப்பாவிடம் சொல்லிவிடுங்கள். மாமா கடிதத்தை வாங்கியதும் முதலில் போன் செய்யப்போவது உங்களுக்கு அல்ல. கடை இன்னும் அப்பாவின் பெயரில் இருந்தால் கையொப்பமும் அவருடையதாகத்தான் இருக்க வேண்டும். அப்போது விளியும் மாறும், நண்பருக்கு நண்பர் எழுதும் முறை வேறு.

முடிப்புக்கு வருகிறேன். 'இப்படிக்கு', 'இங்ஙனம்' இரண்டும் எந்தச் சாய்வும் இல்லாத சொற்கள். 'இவ்வாறு எழுதியவர்' என்பதற்கு மேல் எதுவும் சொல்வதில்லை. விண்ணப்பத்திலும் ஒப்பந்தத்திலும் அவை போதும், பெரியவருக்கு எழுதும்போது கொஞ்சம் வறண்டிருக்கும். 'தங்கள் உண்மையுள்ள' ஆங்கில அலுவலகக் கடிதத்தின் முடிப்பைப் பார்த்து நாம் செய்துகொண்டது. அரசுக் கடிதங்களில் நிலைத்துவிட்டது. தவறில்லை, ஆனால் பாக்கிக் கடிதத்தின் கீழே அதைப் பார்த்தால் தாலுகா அலுவலகத்திலிருந்து வந்ததுபோல் இருக்கிறது. 'தங்கள் கீழ்ப்படிதலுள்ள' பள்ளிக்கூட விடுப்பு விண்ணப்பத்துக்கு உரியது. தலைமையாசிரியருக்கு அப்படி எழுதினால் சிரிப்பார், அவ்வளவுதான். 'என்றும் தங்கள் நலம் நாடும்' என்பதைக் கட்டாயம் தவிருங்கள். அது பெரியவர் சிறியவருக்கு எழுதுவது. பணம் தர வேண்டியவருக்கு வர வேண்டியவர் எழுதினால் மேலிருந்து பார்ப்பதாகிவிடும். 'தங்கள் ஆசியை வேண்டும்' என்பது கல்யாணக் கடிதாசி. எனக்கு எஞ்சியவை 'பணிவன்புடன்', 'வணக்கத்துடன்' ஆகிய இரண்டும்தான். முன்னது பழகியவருக்கு, பின்னது பழகாதவருக்கு. இது விதி அல்ல, என் கை பழகிய வழி.

'முன்கூட்டியே நன்றி' என்று முடிப்பது இப்போது பரவியிருக்கிறது. செய்யாத காரியத்துக்கு நன்றி சொன்னால், 'நீங்கள் செய்தே ஆக வேண்டும்' என்று அதற்குப் பொருள். மேலே நான் எழுதியதில் நன்றி, நடந்துவிட்ட ஒன்றுக்கு: அவர் கடையை நாடி வந்ததற்கு. முடிப்புக்கு முந்தைய வரியில் 'நானே வந்து பெற்றுக்கொள்கிறேன்' என்று இருப்பதையும் கவனியுங்கள். 78 வயதுக்காரரை வங்கிக்கும் கடைக்கும் அலையவிடாமல் இருப்பது சொல்லில் காட்டும் பணிவைவிடக் கனமானது. நடைமுறையில் அதற்கு இன்னொரு பயனும் உண்டு: தேதிக்கு முந்தின நாள் நீங்கள் போன் செய்ய அது காரணம் தருகிறது. 'நாளைக்கு எப்ப வரட்டும் மாமா?' என்றுதான் கேட்கப்போகிறீர்கள், 'பணம் எப்ப தருவீங்க?' என்றல்ல.

கையொப்பமிடக் கேட்ட கணக்குத் தாளைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது, ஏனென்றால் பணிவாக எழுதுபவர்கள் ஏமாந்துபோகும் இடம் அதுதான். 1963-ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டப்படி, விற்ற சரக்கின் விலையைக் கேட்டு வழக்குப் போட மூன்று ஆண்டுகள்தான் உண்டு. தவணைக் காலம் எதுவும் பேசியிராவிட்டால், சரக்குக் கொடுத்த நாளிலிருந்து அது ஓடத் தொடங்கும். நீங்கள் எத்தனை கடிதம் எழுதினாலும் அந்த ஓட்டம் நிற்பதில்லை. மூன்று ஆண்டு முடிவதற்குள் அவர் 'இவ்வளவு தர வேண்டியிருக்கிறது' என்று எழுத்தில் ஒப்புக்கொண்டு கையொப்பமிட்டால், அந்த நாளிலிருந்து புதிதாக மூன்று ஆண்டு கிடைக்கும். இது அதே சட்டத்தின் 18-ஆம் பிரிவு. கடிதத்தின் நகலில் 'பெற்றுக்கொண்டேன்' என்று மட்டும் அவர் எழுதித் தந்தால், அது தாளைப் பெற்றதற்கு அத்தாட்சியே தவிர, தொகையை ஒப்புக்கொண்டதற்கு அல்ல. எனவே கணக்குத் தாளின் அடியில் 'மேற்கண்ட கணக்கைப் பார்த்தேன். 27-10-2025 வரை நான் தர வேண்டிய மீதி ரூ. 32,450 என்பது சரி' என்ற இரண்டு வரியும், கையொப்பத்துக்கும் தேதிக்கும் இடமும் இருக்கட்டும். பகுதிப் பணம் தந்ததற்கும் இதே பயன் உண்டு என்றாலும், தந்தது பற்றி அவர் கையெழுத்திலோ அவர் கையொப்பத்துடனோ ஒரு பதிவு இருக்க வேண்டும் என்கிறது 19-ஆம் பிரிவு. ஏப்ரலில் வந்த பத்தாயிரம் ரொக்கமாக வந்து, உங்கள் நோட்டில் நீங்கள் மட்டும் எழுதிக்கொண்டதாக இருந்தால் அதை நம்பி இருக்காதீர்கள். இவற்றை உங்கள் தாள்களோடு ஒரு வக்கீலிடம் காட்டி உறுதி செய்துகொள்வது நல்லது.

தலைமையாசிரியராக இருந்தவரிடம் 'கையொப்பம் போடுங்கள்' என்று கேட்பதைவிட 'பிழை இருந்தால் திருத்தித் தாருங்கள்' என்று கேட்பது எளிது என்பதால்தான் அந்த வாக்கியத்தை அப்படி அமைத்தேன். திருத்துவது அவருக்குப் பழகிய வேலை. கணக்கைக் கூட்டிப் பார்த்து, சரியென்று கண்டால் கையொப்பமிடுவது அவருக்கு இழுக்காகத் தோன்றாது. தபாலில் ஒப்புகைச் சீட்டுடன் அனுப்பாமல் நீங்களே கொண்டுபோய்க் கொடுங்கள். நம் ஊரில் தபால்காரர் கையொப்பம் கேட்டாலே 'வக்கீல் நோட்டீஸ்' என்று பக்கத்து வீடு வரை பேச்சாகிவிடும். கல்யாண வீட்டிலோ, துக்க வீட்டிலோ, கோயில், சர்ச் வாசலிலோ கொடுக்கக் கூடாது என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

புதன்கிழமை கடந்தும் பணம் வராவிட்டால் என்ன செய்வது என்று நீங்கள் கேட்கவில்லை. இருந்தாலும் விளியின் கதை அங்கேதான் முழுமையாகிறது. முதல் கடிதத்தில் 'பெருமதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு' என்று எழுதியவர்கள் இரண்டாவதில் 'ஐயா' என்றும், மூன்றாவதில் விளியே இல்லாமல் 'பொருள்' வரியிலிருந்தும் தொடங்குவதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். கோபத்தை அங்கே காட்டுகிறார்கள். பெரியவர் இரண்டு தாள்களையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார். பேச்சு தொகையை விட்டுவிட்டு 'நேற்று வரை மாமா, இன்றைக்கு ஐயா' என்பதற்குப் போய்விடும். பணம் தராததற்கு அவருக்கு ஒரு நியாயமும் கிடைத்துவிடும். ஆகவே மூன்று கடிதம் எழுதினாலும் விளியும் முடிப்பும் ஓர் எழுத்துக்கூட மாறக் கூடாது. மாற வேண்டியது நடுப்பகுதி மட்டும். இரண்டாவதில், ஏறக்குறைய இருபது நாள் கழித்து, முதல் கடிதத்தின் தேதியைக் குறிப்பிட்டு, நலம் விசாரிப்பை ஒரு வரியாகக் குறைத்து, அதே தொகையையும் புதிய தேதியையும் சொல்லுங்கள். மூன்றாவதில், ஒரே தடவையில் தருவது சிரமமாக இருக்கலாம் என்று நீங்களே முன்வந்து, ரூ. 12,450 ஒரு தவணையும் ரூ. 10,000 வீதம் இரண்டு தவணைகளுமாக, மாதத்தோடும் தேதியோடும் எழுதுங்கள். ஓய்வூதியம் வரும் நாளுக்கு இரண்டு மூன்று நாள் தள்ளித் தேதி வைத்தால் அவருக்கு எளிது. 'தவறும் பட்சத்தில்' என்று தொடங்கும் வாக்கியம் உங்கள் தாளில் எங்கும் வர வேண்டாம். அந்த நிலை வந்தே தீர்ந்தால் அதை வக்கீல் அவருடைய தாளில், அவருடைய மொழியில் எழுதட்டும்.

பணம் வந்த அன்றே ரசீது எழுதுங்கள். அதில் 'திரு.' என்று தொடங்கிப் பெயருக்குப் பின்னால் 'அவர்களிடமிருந்து' என்று முழுமையாக எழுதி, 'கணக்கு முழுவதும் நேர் செய்யப்பட்டது' என்ற வரியையும் சேருங்கள். கையொப்பமிட்ட கணக்குத் தாள் உங்களிடம் இருந்தால் அதையும் ரசீதோடு சேர்த்து அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். உங்கள் கோப்புக்கு நகல் போதும்.